மழைக்குப் பிறகு காய்கறி விலை ஏன் குதிக்கிறது? மதுரைத் தக்காளியை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். ஐப்பசி அடைமழை தொடங்கினால் போதும், சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், ஊரில் விவசாயம் பார்க்கும் உறவுகள் எல்லாரும் விலையைப் பற்றித்தான் கேட்பார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாக் காயையும் இழுத்துப் போட்டால் குழம்பிவிடும் என்பதால் தக்காளியை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். மழைக்கு முதலில் அடிபடுவதும் அதுதான்.

ரெண்டு நாள் மழைக்கே தக்காளி மூணு மடங்கு ஏறுதே அண்ணே, வயல்ல எல்லாமேவா அழிஞ்சு போச்சு?

இல்லை. முதல் இரண்டு நாளில் வயலில் அழிவதை விட, வயலை விட்டு வெளியே வர முடியாமல் போவதுதான் அதிகம். தக்காளியை ஒரே தடவையில் பறித்து முடிப்பதில்லை. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு நடக்கும். பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் மழை விழுந்து வரப்பெல்லாம் சேறாகிவிட்டால் ஆள் உள்ளே இறங்க முடியாது. இறங்கினாலும் ஈரத்தோடு பறித்த பழத்தைப் பெட்டியில் அடுக்கினால் மார்க்கெட் வருவதற்குள் அடிப்பழம் நசுங்கி நீர் விட்டுவிடும். அதனால் ஒரு பறிப்பு தள்ளிப் போகிறது.

தள்ளிப் போன பறிப்பும் முழுசாகக் கைக்கு வராது. வெயிலில் காய்ந்திருந்த செடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் பழம் வேகமாகப் பருக்கும். தோல் அந்த வேகத்துக்கு விரியாது, காம்பைச் சுற்றி வெடித்துவிடும். வெடித்த இடத்தில் ஈரம் புகுந்தால் மறுநாளே அழுகல். நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெல்லிசு, அதனால் அது முதலில் போகும். தோல் கெட்டியான ஹைபிரிட் கொஞ்சம் தாங்கும். மழை நாளில் கடையில் நாட்டுத் தக்காளி கண்ணிலேயே படாமல் ஹைபிரிட் மட்டும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகமொத்தம், செடி உயிரோடு நிற்கும், ஆனால் மார்க்கெட்டுக்கு வரும் பெட்டி குறையும். பாடப் புத்தகத்தில் இதை 'அளிப்பு' என்பார்கள். எங்கள் மார்க்கெட்டில் 'வரத்து'. விலையைத் தீர்மானிப்பது வயலில் எவ்வளவு காய்த்திருக்கிறது என்பதல்ல, இன்று விடியற்காலை எத்தனை பெட்டி இறங்கியது என்பதுதான்.

மூணுல ஒரு பங்கு வரத்து குறைஞ்சா, விலையும் மூணுல ஒரு பங்குதானே ஏறணும்? இது அநியாயமா இல்லையா?

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நடப்பது இதே மாதிரிதான்.

ஒரு மார்க்கெட்டுக்குச் சாதாரண நாளில் 1,000 பெட்டி வருகிறது என்று வையுங்கள். பெட்டிக்கு 15 கிலோ. பெட்டி விலை 300 ரூபாய், அதாவது கிலோ 20. இந்த 1,000 பெட்டியில் 550-ஐ நம் தெருக்கடைகளும் தள்ளுவண்டிக்காரர்களும் எடுக்கிறார்கள், அது வீடுகளுக்குப் போகிறது. 200 பெட்டி ஹோட்டலுக்கும் மெஸ்ஸுக்கும் போகிறது. மீதி 250 பெட்டி வெளியூர் வியாபாரிகளுக்கு, சிவகங்கை, ராமநாதபுரம், கேரளம் என்று.

இப்போது மழை. 650 பெட்டிதான் இறங்குகிறது. ஆனால் வாங்க வந்தவர்கள் அதே ஆட்கள், அதே 1,000 பெட்டிக்கான தேவையோடு. 350 பெட்டிக்கு உரியவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். யார் திரும்புவது என்பதைத்தான் விலை முடிவு செய்கிறது.

பெட்டி 450 ஆகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு கிலோ வாங்குகிற இடத்தில் முக்கால் கிலோவுக்கு யோசிப்பீர்கள், அநேகமாக ஒரு கிலோவே வாங்குவீர்கள். ரசத்துக்குத் தக்காளி வேண்டும், குழம்புக்கும் வேண்டும், சட்னியை வேண்டுமானால் தேங்காய்க்கு மாற்றலாம். ஹோட்டல்காரருக்கு அதுவும் முடியாது, சாம்பார் வைத்தே ஆகவேண்டும். அப்படிப் பார்த்தால் 450 ரூபாய்க்கும் வீடுகளுக்கு 500, ஹோட்டலுக்கு 190, வெளியூருக்கு 230 என்று 920 பெட்டிக்கு ஆள் நிற்கிறது. இருப்பதோ 650.

600 ரூபாய்க்கு ஏறினால் 440, 180, 180. மொத்தம் 800. இன்னும் போதாது. 750-க்கு 380, 175, 145 சேர்ந்து 700. பெட்டி 850 ரூபாயைத் தொடும்போதுதான் வீடுகள் 350, ஹோட்டல் 170, வெளியூர் 130 என்று சரியாக 650-க்கு வந்து நிற்கிறது. விலை அங்கே நிற்கும்.

வரத்து குறைந்தது நூற்றுக்கு 35. விலை ஏறியதோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நாம் தக்காளியை எளிதில் விடமாட்டோம் என்பதுதான் இதற்குக் காரணம். நாம் பிடிவாதமாக இருக்க இருக்க, 350 பெட்டிக்கான ஆட்களை விலக்க விலை அவ்வளவு உயரம் போக வேண்டியிருக்கிறது. பொருளாதாரத்தில் இதை நெகிழ்ச்சி குறைந்த தேவை என்கிறார்கள். விலை எவ்வளவு ஏறினாலும் வாங்குகிற அளவு அதிகம் வளைந்து கொடுக்காத பொருள் என்று அர்த்தம். சீத்தாப்பழத்துக்கு இதே 35 குறைந்தால் விலை இவ்வளவு குதிக்காது. ஏறினால் வாங்காமல் விட்டுவிடுவோம், அடுத்த கடையில் கொய்யா இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள்? ஹோட்டல்கள் 200-இல் 30 பெட்டிதான் குறைத்தன. வீடுகள் 550-இல் 200 குறைத்தன. வீடு என்று மொத்தமாகச் சொன்னாலும், அதற்குள் குறைத்துக்கொண்டது பெரும்பாலும் கையில் காசு குறைவாக உள்ள வீடுகள். அரை கிலோவும் வேண்டாம், பத்து ரூபாய்க்குக் கொடுங்கள் என்று கேட்டு மூன்று பழத்தோடு போகிறவர்களைக் கடையில் நின்று பார்த்தால் தெரியும். விலை பங்கிடுவது பசியைப் பார்த்தல்ல, பணத்தைப் பார்த்து. அநியாயம் என்று நீங்கள் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அந்த 850-ஐ யார் சார் முடிவு பண்றது? மண்டிக்காரங்க கூடிப் பேசி வைக்கிறதுதானே?

தக்காளியில் அது நடக்காது. நடக்க முடியாத காரணமும் தக்காளியிலேயே இருக்கிறது.

லாரி நள்ளிரவுக்கு மேல் வந்து நிற்கும். சுமை தூக்குகிறவர்கள் பெட்டியை இறக்கி அடுக்குவார்கள். இரண்டு, மூன்று மணிக்கே முதல் வியாபாரிகள் வந்துவிடுவார்கள். வில்லாபுரத்திலிருந்து வரும் ஒரு அக்கா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டியின் மேல் அடுக்கைப் பார்க்கவே மாட்டார். மேலே உள்ள பழங்களை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டு, அடியில் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்து, காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்துவார். விரல் உள்ளே போனால் பெட்டி வேண்டாம். அப்புறம் வெளியே போய் எத்தனை லாரி நிற்கிறது என்று எண்ணிவிட்டு வந்துதான் விலை கேட்பார்.

லாரியை அவர் மட்டும் எண்ணவில்லை, எல்லாரும் எண்ணுகிறார்கள். சாதாரண நாளில் நேரம் போகப்போக விலை இறங்கும், ஏனென்றால் எட்டு மணிக்கு மேல் மிஞ்சும் பெட்டி கமிஷன் கடைக்குத் தலைவலி. மழை நாளில் இது தலைகீழ். நான்கு மணிக்கு 700 சொன்ன பெட்டி ஐந்து மணிக்கு 800, லாரி இனி வராது என்று தெரிந்ததும் 850. முதலில் பேரம் பேசிவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்தவர் பழைய விலைக்குக் கேட்டால் பெட்டி இருக்காது.

பதுக்கலுக்கு வருவோம். மழை ஈரம் பட்ட தக்காளியை மூன்று நாள் வைத்தால் பாதி குப்பைக்குப் போகும். அதைப் பதுக்குகிறவர் தன் காசைத்தான் அழுக விடுகிறார். அது போக, கமிஷன் கடைக்காரர் பழத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. விற்ற தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று எடுப்பவர்.

சின்ன வெங்காயத்தில் கதை வேறு. காய வைத்துப் பட்டறை போட்டால் மாதக்கணக்கில் நிற்கும். நாசிக் பக்கம் விளையும் பெரிய வெங்காயமும் அப்படித்தான். வைத்திருந்து விற்கக்கூடிய பொருளில், மழைச் செய்தி வந்ததும் கையில் உள்ளவர் 'நாளைக்கு ஏறும்' என்று இன்று விற்காமல் நிறுத்துவார். அந்தச் சரக்கு கெடாததால் நிறுத்துவது அவருக்குக் கட்டுப்படியாகிறது. பதுக்கல் என்று சந்தேகப்பட வேண்டுமென்றால் முதலில் அந்தக் காய் எத்தனை நாள் தாங்கும் என்று கேளுங்கள்.

மார்க்கெட்ல கிலோ 57ன்னு டிவியில சொல்றாங்க, எங்க தெருவுல 85. நடுவுல 28 ரூபாய் யார் வாயில போகுது?

பெரும்பகுதி குப்பைத்தொட்டிக்குப் போகிறது. இதையும் கணக்காகப் பாருங்கள். தெருக்கடைக்காரர் 850-க்குப் பெட்டி எடுக்கிறார். இறக்கு கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 50 ரூபாய் என்று வைப்போம், 900 ஆயிற்று. வெயில் காலத்தில் 15 கிலோவில் ஒரு கிலோ கழியும், 14 கிலோ விற்கலாம். மழைக்காலத்தில் மூன்று கிலோ கழியும், விற்பதற்கு 12 கிலோதான். 900-ஐ 12-ஆல் வகுத்தால் கிலோவுக்கு அடக்கவிலையே 75. அதன்மேல் பத்து ரூபாய் வைத்தால் 85.

வெயில் காலத்தில் இதே பெட்டி 300, செலவோடு 350, 14 கிலோ, அடக்கம் 25. அவர் 32-க்கு விற்பார், கிலோவுக்கு 7 ரூபாய் கிடைக்கும். மழையில் 10 ரூபாய் கிடைத்தாலும் விற்பனை அளவு குறைவதால் நாள் முடிவில் கையில் நிற்பது பெரிதாக மாறுவதில்லை. முதல் மட்டும் மூன்று மடங்கு போட வேண்டும், அதற்கு அவர்களில் பலர் தினவட்டிக்கு வாங்குகிறார்கள்.

ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், விலை இறங்கும்போது சொல்லலாம். மொத்த விலை இறங்கி இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் சில்லறையில் இறங்குகிறது. பழைய விலைச் சரக்கு கையில் இருக்கிறது என்பது ஓரளவுக்கு உண்மை. ஆனால் ஏறும்போது பழைய சரக்கைப் பழைய விலைக்கு யாரும் கொடுப்பதில்லை.

மழை ஆந்திராவுல பெய்யுது, மதுரையில வெயிலடிக்குது. இங்க ஏன் ஏறணும்?

நம் பெட்டிக்கும் வெளியூரிலிருந்து ஆள் வந்துவிட்டது என்பதால்.

2021 நவம்பரில் இதுதான் நடந்தது. கடப்பா, சித்தூர் பக்கம் பெரும் வெள்ளம். தென்னிந்தியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்றான மதனப்பள்ளி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கிருந்து சரக்கு எடுத்துக்கொண்டிருந்த சென்னை வியாபாரிகள் வேறு ஊர்களில் கிடைக்கும் தக்காளிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாரானார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது.

நம் பக்கத்துக்கு ஒட்டன்சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கேரள வியாபாரிகள் எப்போதும் நிற்பார்கள். லாரி உரிமையாளருக்கு மதுரைக்கு வரவேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அங்கே பெட்டிக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கிடைத்து, கூடுதல் டீசலுக்கு 40 ரூபாய்தான் ஆகும் என்றால் லாரி அந்தப் பக்கம் திரும்பும். அதைத் தடுக்க மதுரை வியாபாரி தன் விலையை ஏற்ற வேண்டும். இப்படி ஏறி ஏறி, ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம் லாரி வாடகை அளவுக்குச் சுருங்கும் வரை ஓயாது.

மழை நின்னு ஒரு வாரத்துல விலை இறங்குச்சு. இப்ப வானம் சுத்தமா இருக்கு, மறுபடி ஏறுதே, ஏன்?

மழையின் அடி இரண்டு தடவை விழுகிறது. முதல் அடி, பறிக்க முடியாததும் வெடித்ததும். அது ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். இரண்டாவது அடி, பூ கொட்டுவது. தக்காளிப் பூ காயாகிப் பழுக்க ஆறு வாரம் போல ஆகும். ஐப்பசிக் கடைசியில் கொட்டிய பூவின் பழம் மார்கழி நடுவில் வந்திருக்க வேண்டும். வராது. அப்போது மழை நின்று பல நாள் ஆகியிருக்கும் என்பதால், காரணமே இல்லாமல் ஏற்றிவிட்டார்கள் என்று தோன்றும்.

முருங்கையில் இது இன்னும் கூர்மை. பூ மழையில் கொட்டிவிட்டால் அந்தக் காய் அவ்வளவுதான். கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் கிலோ இருநூறைத் தாண்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எந்த அடி என்று கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பழத்தில் சேறும் காம்பைச் சுற்றி வெடிப்பும் தெரிந்தால் முதல் அடி, சீக்கிரம் இறங்கும். பழம் சுத்தமாக இருந்தும் கடைக்குக் கடை குறைவாக இருந்தால் இரண்டாவது, சில வாரம் இழுக்கும். பாதி பச்சையாக இருக்கும் பழம் நிறைய வந்தால் இன்னொரு விஷயம் தெரிகிறது. விலை நன்றாக இருக்கும்போதே காசாக்கிவிடலாம் என்று விவசாயி அடுத்த வாரப் பழத்தையும் இன்றே பறிக்கிறார். இன்று விலை கொஞ்சம் இறங்கினாலும் அடுத்த வாரம் அந்த அளவுக்கு வரத்து குறையும்.

கார்த்திகை மாசம் காய் விலை ஏற மழைதான் காரணமா, இல்ல மாலை போடுறதும் காரணமா?

இரண்டும்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. மழை வரத்தைக் குறைக்கிறது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்ட வீட்டில் மீன், கறி நின்று காய்கறி கூடுகிறது. அதே மாதத்தில் முகூர்த்தமும் வருகிறது. இதில் விலை மாறுவதற்கு முன்பே வாங்க நினைக்கும் அளவு கூடிவிடுகிறது, அதாவது கிராக்கியே கூடுகிறது.

மழையால் மட்டும் ஏறினால் மார்க்கெட்டில் பெட்டி குறைவாக இருக்கும். கிராக்கியால் மட்டும் ஏறினால் பெட்டி வழக்கம்போலவே, சில சமயம் வழக்கத்தை விட அதிகமாகவும் இருக்கும், ஆனாலும் விலை ஏறும். பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அப்படித்தான். கார்த்திகையில் மழையும் பெய்து இரண்டும் ஒன்று சேரும்போது ஏற்றம் கடுமையாக இருக்கும். மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதால் ஒரு பக்கம் தளர்கிறது.

எல்லாக் காயும் ஒரே மாதிரி ஏறலையே?

ஏறாது. கீரை முதல் நாளே அழுகும், ஆனால் விதைத்த 25, 30 நாளில் புதுக் கீரை வந்துவிடும். கேரட்டும் பீன்ஸும் கொடைக்கானல் பக்கமிருந்து இறங்குவதால், மலைப்பாதையில் மண் சரிந்தால் நம் ஊரில் மழை இல்லாவிட்டாலும் ஏறும். உருளைக்கிழங்கு குளிர்பதனக் கிடங்கில் கிடக்கிறது, மழையால் சட்டென்று அசையாது.

விலை ஏறினா விவசாயிக்கு லாபம்தானே மாமா?

மழை யாருடைய வயலை விட்டுவிட்டுப் போனதோ அவருக்கு லாபம்.

ஒரு ஏக்கர் தக்காளி போட்டவர் சாதாரணமாக ஒரு பறிப்பில் 60 பெட்டி எடுப்பார் என்று வைப்போம். 300 ரூபாய் வீதம் 18,000. மழை அடித்த வயலில் 25 பெட்டி பறித்து, வெடிப்பும் அழுகலும் கழித்து 18 பெட்டி தேறுகிறது. 850 ரூபாய் வீதம் 15,300. விலை மூன்று மடங்காகியும் கையில் வருவது குறைவு. சேற்றில் பறிக்கக் கூலியும், பிரித்தெடுக்கக் கூலியும் கூடுதல். அலங்காநல்லூர் பக்கம் என் பெரியப்பா வயலில் ஒரு வருடம் இது நடந்தது. மார்க்கெட்டில் நான் பெட்டிக்கு 800, 850 என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவர் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஊரில் மேட்டு நிலத்தில் தண்ணீர் தேங்காமல் தப்பியவருக்கு அதே 60 பெட்டி, 51,000 ரூபாய். முன்னே போட்ட கணக்கில் மொத்த மார்க்கெட்டையும் பாருங்கள். 1,000 பெட்டிக்கு 3,00,000 ரூபாய் புழங்கிய இடத்தில் 650 பெட்டிக்கு 5,52,500 ரூபாய் புழங்குகிறது. சரக்கு குறைந்தும் மொத்தப் பணம் கூடியிருக்கிறது. வாங்குகிறவர்கள் விடாப்பிடியாக வாங்கும் பொருளில் இப்படித்தான் ஆகும். அந்தப் பணம் எல்லா விவசாயிக்கும் பிரிந்து போவதில்லை என்பதுதான் வருத்தம்.

அரசாங்கம் கிலோ 40-க்கு மேல விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டா என்ன?

கிலோ 40 என்றால் பெட்டி 600. முன்னே பார்த்த கணக்கில் 600 ரூபாய்க்கு 800 பெட்டிக்கு ஆள் நிற்கிறது, இருப்பது 650. விலையைக் கட்டினாலும் அந்த 150 பெட்டி முளைத்து வராது. முதலில் வந்தவருக்கும் தெரிந்தவருக்கும் கிடைக்கும், வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறவருக்குக் கிடைக்காது. லாரியும் விலைக்கட்டு இல்லாத மாநிலத்துக்குப் போய்விடும்.

பலன் தருவது சரக்கைக் கூட்டுவதும், இல்லாதவர் கைக்கு அதைக் கொண்டு சேர்ப்பதும். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது தமிழ்நாடு அரசு கொள்முதல் செய்து சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வெளியில் விலையைக் கட்டவில்லை, ஒரு பகுதி மக்களுக்கு வேறு வழி திறந்தது. அளவு குறைவு என்ற குறை அப்போது இருந்தது, அது நியாயமான குறைதான்.

நம் ஊரில் உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே மதுரை அண்ணா நகரில்தான். அங்கே அன்றன்றைய விலை மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலும் சில்லறை விலைக்குக் கீழும் குறிக்கப்படுகிறது. இடையில் கைமாறுவது குறைவதால் மிச்சம். ஆனால் மழையால் வராத பழத்தை உழவர் சந்தையாலும் வரவழைக்க முடியாது, அதனால் மழை நாளில் அங்கேயும் ஏறும், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

தம்பி, இப்ப பெட்டி 850 போகுது. ஒரு ஏக்கர் தக்காளி நட்டுடவா?

சித்தப்பா, இன்றைய விலை உங்கள் செடிக்குக் கிடைக்காது. நாற்று வளர 25 நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல். கார்த்திகை முதல் தேதி விதை போட்டால் பழம் வருவது மாசியில். அப்போது மழை இருக்காது, வெயில் இதமாக இருக்கும், செடி நன்றாகக் காய்க்கும். இன்று 850-ஐப் பார்த்து உங்களைப் போலவே உசிலம்பட்டியிலும் ஒட்டன்சத்திரத்திலும் நடுகிற எல்லாருக்கும் அதே மாசியில்தான் பழம் வரும்.

அப்போது 1,000 பெட்டி வரவேண்டிய இடத்தில் 1,300 வந்து நிற்கும். நாம் ஏறின விலைக்கு எவ்வளவு விடாப்பிடியோ, இறங்கின விலைக்கும் அவ்வளவே. தக்காளி மலிவு என்று யாரும் இரண்டு மடங்கு ரசம் குடிப்பதில்லை. அந்த 300 பெட்டியையும் விற்க விலை 100-க்குக் கீழே விழும். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் சேர்த்துப் பெட்டிக்கு 90 ரூபாய் ஆகிறது என்றால், விலை 70-க்கு வந்தால் பறிப்பதே நஷ்டம். செடியிலேயே விடுவதும் சாலையோரம் கொட்டுவதும் அதனால்தான்.

கட்டாயம் நடவேண்டுமென்றால் நாற்றங்கால் வைத்து விற்பவரிடம் முதலில் ஒரு நடை போய் வாருங்கள். போன வருடம் இதே நேரம் எத்தனை தக்காளி நாற்று போனது, இப்போது எத்தனைக்கு ஆள் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மாட்டுத்தாவணியில் எத்தனை பெட்டி இறங்கும் என்பதை இன்றே ஓரளவு காட்டக்கூடிய இடம் அந்த நாற்றங்கால்தான். நாற்று கிடைக்கவில்லை, காத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அரை ஏக்கரை மட்டும் தக்காளிக்கு வைத்து மீதியில் வேறு காய் போடுங்கள்.